பஜேரோவுக்கு ஏன் மூன்று பெயர்?

பஜேரோ ஜீப்பைத் தெரியாதவர்கள் தமிழ்நாட்டில் குறைவு. சில ஆண்டுகள் திருவள்ளூரில் இருந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையிலிருந்தே அது விற்பனைக்கு வந்தது. ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனம் 1982இல் கொண்டுவந்த இந்த வண்டியை ஸ்பெயினில் போய்ப் பஜேரோ என்று கேட்டால் கடைக்காரர் சங்கடத்தோடுதான் பார்ப்பார். அங்கே அதன் பெயர் மொன்தேரோ. பிரிட்டனில் ஷோகன். பிரிட்டனில் பெயரை மாற்றியது வியாபாரத் தந்திரம் என்று சொல்லலாம். ஸ்பெயினில் மாற்றியது வேறு வழியில்லாமல்.

தென்னமெரிக்கப் புல்வெளிகளில் பஹேரோ என்றொரு காட்டுப்பூனை இருக்கிறது. ஜப்பானியர்கள் அந்தப் பூனையின் பெயரைத்தான் வண்டிக்கு வைத்தார்கள். ஸ்பானிய மொழியில் 'பஹா' என்றால் வைக்கோல், காய்ந்த புல். புல்லுக்குள் வாழும் பூனை ஆனதால் பஹேரோ. விலங்கியல் நூலிலும் இதுதான் பெயர், அகராதியிலும் குற்றம் இல்லை. ஆனால் தெருப்பேச்சில் பஹேரோ என்றால் சுயஇன்பம் செய்பவன். ஒருவரைக் கேவலப்படுத்தச் சொல்லும் சொல். அதை வண்டியின் பின்பக்கம் பெரிய எழுத்தில் ஒட்டிக்கொண்டு எந்தக் குடும்பஸ்தரும் மாட்ரிட் வீதியில் ஓட்டமாட்டார். அதனால் மலைவேட்டைக்காரன் என்று பொருள்படும் மொன்தேரோ வந்தது.

வெளிநாட்டில் பொருள் விற்கப் போகிறவர்கள் இந்தக் கதையில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அந்தப் பெயர் ஸ்பானிய மொழியிலிருந்தே எடுத்தது. பொருள் தெரிந்து, நல்ல பொருளென்று நினைத்து எடுத்தது. அகராதியைப் பார்த்துவிட்டால் போதும் என்ற நம்பிக்கை இங்கேதான் உடைகிறது.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். நோக்கியா நிறுவனம் 2011இல் லூமியா என்ற கைபேசியை வெளியிட்டது. ஸ்பானிய அகராதியைப் புரட்டியவர்கள் உடனே கண்டுபிடித்தார்கள்: லூமியா என்றால் விலைமகள். இணையத்தில் பெரிய சிரிப்பு. ஆனால் நோக்கியா பெயரை மாற்றவில்லை. காரணம், அந்தச் சொல் அகராதியில் இருக்கிறதே தவிர, சாதாரண ஸ்பானியர் வாயில் அது வருவதில்லை. அவர்கள் காதுக்கு லூமியா என்பது வெளிச்சத்தோடு தொடர்புடைய சொற்களைத்தான் நினைவூட்டியது. கைபேசி அந்தப் பெயரிலேயே ஸ்பெயினில் விற்றது.

இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் ஒரு கதையையும் இங்கேயே தீர்த்துவிடலாம். செவர்லே நிறுவனத்தின் நோவா கார் லத்தீன் அமெரிக்காவில் விற்கவே இல்லை, ஏனென்றால் 'நோ வா' என்றால் ஸ்பானிய மொழியில் 'ஓடாது' என்று பொருள் என்பது அந்தக் கதை. வணிகப் பாடநூல்களில்கூட இடம்பிடித்துவிட்டது. கதை பொய். நோவா மெக்சிகோவிலும் வெனிசுவேலாவிலும் நன்றாகவே விற்றது. மெக்சிகோவின் அரசு எண்ணெய் நிறுவனமான பெமெக்ஸ் அதே நோவா என்ற பெயரில் பெட்ரோலையே விற்றிருக்கிறது. 'நோவா' என்று சொல்லும்போது அழுத்தம் முதல் அசையில் விழும். 'நோ வா' என்று பிரித்துச் சொன்னால் இரண்டாவதில் விழும். ஸ்பானியர் காதில் இவை இரண்டும் ஒன்றல்ல. வண்டி ஓடவில்லை என்பதைச் சொல்ல அவர்கள் பயன்படுத்துவது வேறு சொற்கள்.

ஆக, எழுத்தில் ஒத்திருப்பது ஒன்று, காதில் ஒத்திருப்பது வேறொன்று, கேட்டவர் மனத்தில் உண்மையிலேயே என்ன எழுகிறது என்பது மூன்றாவது. மூன்றாவதைத்தான் சோதிக்க வேண்டும். அதை அந்த ஊர்க்காரர்களை வைத்து மட்டுமே சோதிக்க முடியும்.

பெயர் சோதனை செய்கிறவர்கள் ஒரு மொழிக்கு ஒருவரோடு நிறுத்துவதில்லை. வயதிலும் ஊரிலும் வித்தியாசப்பட்ட சிலரைப் பிடிப்பார்கள். அவர்கள் இப்போது அந்த நாட்டில் வாழ்கிறவர்களாக இருக்க வேண்டும். இருபது வருஷத்துக்கு முன் அங்கிருந்து கிளம்பி இங்கே குடியேறியவருக்கு அந்தக் காலத்து வசைகள்தான் தெரியும். இன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று தெரியாது. ஸ்பானிய மொழி என்று ஒன்றாகக் கணக்கு வைப்பதும் தவறு. ஸ்பெயின், மெக்சிகோ, அர்ஜென்டினா மூன்றும் மூன்று காது. பிரெஞ்சுக்கும் அப்படியே. அமெரிக்காவின் பியூக் நிறுவனம் லாக்ராஸ் என்ற காரைக் கனடாவில் முதலில் அல்யூர் என்ற பெயரில்தான் விற்றது. லாக்ராஸ் என்பது கனடாவில் பிரபலமான ஒரு விளையாட்டின் பெயர். ஆனால் கியூபெக் மாகாணத்து பிரெஞ்சுக் கொச்சையில் அந்த ஒலிக்குப் பஜேரோவின் பொருளே வந்துவிடுகிறது. பாரிஸ்காரரிடம் கேட்டிருந்தால் இது தெரிந்திருக்காது.

கேட்கும் வரிசையும் முக்கியம். முதலில் பெயரை எழுதிக் காட்டக்கூடாது, பொருள் என்ன என்றும் சொல்லக்கூடாது. காதில் மட்டும் விழச் செய்து, கேட்டதை எழுதச் சொல்ல வேண்டும். அவர் எழுதுவதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும், ஏனென்றால் காது தனக்குத் தெரிந்த சொல்லாகவே புதுச் சொல்லைப் பிடித்துக்கொள்ளும். அடுத்து, எழுதிய பெயரைக் காட்டி உரக்கப் படிக்கச் சொல்ல வேண்டும். நீங்கள் நினைத்த உச்சரிப்பு பெரும்பாலும் வராது. அவர் உச்சரிப்பதுதான் அந்த நாட்டில் உங்கள் பெயர். அதன் பிறகே இது எதை நினைவுபடுத்துகிறது, எந்தச் சொல்லோடு எதுகையாகிறது, இந்தப் பெயரில் அரசியல்வாதியோ நோயோ கடையோ உண்டா என்று கேட்பது. கடைசியாகத்தான் பொருளைச் சொல்லி, இந்தப் பொருளுக்கு இந்தப் பெயர் எப்படி என்று கேட்க வேண்டும்.

கேட்பதில் ஒரு சிக்கல் உண்டு. மரியாதை தெரிந்தவர்கள் கெட்ட வார்த்தையை வாய்விட்டுச் சொல்லத் தயங்குவார்கள். 'இது நல்ல பெயரா?' என்று கேட்டால் 'நல்லாத்தான் இருக்கு' என்பார்கள். அதற்குப் பதிலாக, 'எட்டாம் வகுப்புப் பையன்கள் இந்தப் பெயரை வைத்து எப்படிக் கேலி பண்ணுவார்கள்?' என்று கேட்டால் கதவு திறந்துவிடும். கெட்டது தன்னுடையதல்ல, பையன்களுடையது என்று ஆகிவிடுவதால் சொல்லிவிடுவார்கள். பதிலுக்கு முன்னால் வரும் சின்னத் தயக்கத்தையும், அடக்கிய சிரிப்பையும் குறித்துக்கொள்ள வேண்டும். உங்கள் பொருளை அங்கே எடுத்து விற்கப்போகும் விநியோகஸ்தரை மட்டும் கேட்டு முடித்துக்கொள்ளாதீர்கள். வியாபாரம் கைநழுவுமோ என்று அவர் உண்மையை மழுப்பக்கூடும்.

இதெல்லாம் கையில் எப்படி வருகிறது என்று ஒரு கற்பனை வியாபாரியை வைத்துப் பார்ப்போம். ஈரோட்டுப் பக்கம் மாவு மில் வைத்திருப்பவர் ஒருவர் உடனடிப் புட்டு மாவு பாக்கெட் போட்டு ஏற்றுமதி செய்ய நினைக்கிறார். டிசைன் செய்யும் பையன், 'வெறும் புட்டுன்னா பழசா இருக்குங்கண்ணா, புட்டோன்னு வைப்போம், நவீனமா இருக்கும்' என்கிறான். பெயர் சின்னது, நாக்கில் நிற்கிறது. வளைகுடா, ஸ்பெயின், போர்ச்சுகல், பிரான்ஸ், பிலிப்பைன்ஸ் என்று பட்டியலும் தயார்.

ஸ்பெயினிலிருந்து ஆரம்பிப்போம். ஸ்பானியர் 'ட்' இரட்டிப்பதைக் கேட்கமாட்டார். அவர் காதில் விழுவது 'பூத்தோ'. ஆண் விபசாரி என்ற பொருளில் தொடங்கி, ஓரினச்சேர்க்கையாளரை இழிவுபடுத்தும் வசையாக இன்று நிற்கும் சொல் அது. மெக்சிகோ ரசிகர்கள் கால்பந்து மைதானத்தில் எதிரணி கோல்கீப்பரைப் பார்த்து இதைக் கோரஸாகக் கத்தியதற்காக ஃபிஃபா அந்த நாட்டுச் சங்கத்துக்குப் பலமுறை அபராதம் விதித்திருக்கிறது. லூமியாவைப் போலப் பழைய அகராதிச் சொல் அல்ல இது, தினசரி வாயில் இருக்கும் சொல். ஸ்பானிய மொழி பேசும் எந்த நாட்டிலும் இந்தப் பெயர் நிற்காது. இதில் இரண்டாவது பேச்சுக்கே இடமில்லை.

பக்கத்திலேயே இருக்கும் போர்ச்சுகலுக்குப் போனால் காட்சி மாறுகிறது. அங்கே வார்த்தைக் கடைசியில் வரும் ஓகாரம் உகரமாகத் தேய்ந்துவிடும். 'புட்டோ' என்று எழுதியதை அவர்கள் ஏறக்குறைய 'பூத்து' என்றே படிப்பார்கள். பேச்சுவழக்கில் அதன் பொருள் பையன், பொடியன். திட்டு அல்ல, ஆனால் மாவு பாக்கெட்டுக்குக் கொஞ்சம் விசித்திரம். அதே போர்ச்சுகீசிய மொழி பேசும் பிரேசிலில் அதே சொல் கோபத்தோடு சேர்ந்த கொச்சை. ஒரு மொழி, இரண்டு நாடு, இரண்டு தீர்ப்பு.

பிரான்சில் எழுத்தைப் பார்த்துப் படித்தால் 'ப்யூத்தோ' என்று வரும். பாரிஸை ஒட்டி ப்யூத்தோ என்றே ஒரு புறநகர் இருக்கிறது. சொல்லின் முதல் பாதியில் ஒரு கெட்ட வார்த்தையின் நிழல் விழுந்தாலும், ஊர்ப்பெயராகப் பழகிய ஒலி என்பதால் பெரிதாக உறுத்தாது. இங்கே முடிவெடுக்க, பிரெஞ்சுக்காரர்கள் சிலரிடம் பொருளைக் காட்டிக் கேட்டே ஆக வேண்டும். மேசையில் உட்கார்ந்து தீர்மானிக்கக்கூடாது.

வளைகுடாவில் அரபியில் பகரத்துக்கு எழுத்தே கிடையாது. பாக்கெட்டின் அரபிப் பக்கத்தில் அது 'ப' ஒலி திரிந்து, ஆங்கில 'பி' எழுத்தின் ஒலியோடுதான் அச்சாகும். அப்படி அச்சானதைப் படித்தால் பாகிஸ்தானின் அரசியல் குடும்பப் பெயரான பூட்டோவாகக் கேட்கும். வளைகுடாவில் பாகிஸ்தானியர் ஏராளம். கெட்ட பொருள் இல்லை, ஆனால் ஒரு கட்சியின் மாவு என்று தோன்றினால் யாருக்கு நல்லது?

பிலிப்பைன்ஸில்தான் எதிர்பாராத விஷயம். முன்னூறு ஆண்டுகளுக்கு மேல் ஸ்பெயின் ஆண்ட அந்த நாட்டில் 'பூத்தோ' என்றால் யாரும் முகம் சுளிப்பதில்லை. அங்கே அது அரிசி மாவை ஆவியில் வேகவைத்துச் செய்யும் பலகாரம். கிறிஸ்துமஸ் காலத்தில் மூங்கில் குழாயில் வைத்து அவிக்கும் 'பூத்தோ பும்போங்' நம் குழாய்ப் புட்டின் உறவு போலவே இருக்கும். இந்தோனேசியாவின் 'புத்து' பலகாரமும் மூங்கில் குழாயில் வேகிறது. ஆகவே இங்கே சிக்கல் வசை அல்ல. அந்நாட்டின் பொதுச் சொல்லையே வணிகப் பெயராக யாரும் சொந்தம் கொண்டாட முடியாது என்பதே சிக்கல். 'இட்லி' என்ற ஒற்றைச் சொல்லை இட்லி மாவுக்கான தனி முத்திரையாக இங்கே பதிய முயல்வது போலத்தான். தவிர, வாங்குகிறவர் தன் ஊர்ப் பூத்தோவை எதிர்பார்த்துப் பாக்கெட்டைப் பிரிப்பார், கிடைப்பது வேறு பலகாரம்.

ஒரே பெயர், ஐந்து இடத்தில் ஐந்து விதம். இந்த வியாபாரிக்கு நான் சொல்லக்கூடியது: புட்டோவை விட்டுவிடுங்கள். ஸ்பானிய உலகம் முழுவதையும் இழப்பதற்கு அந்த ஓகாரம் தகாது. உலகெங்கும் ஒரே பெயராக வேறொன்றைப் பெரிதாகப் போட்டு, 'புட்டு மாவு' என்பதைப் பலகாரத்தின் பெயராகக் கீழே சிறிதாகப் போடலாம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வாங்கப்போகிற தமிழருக்கும் மலையாளிக்கும் அது போதும். ஸ்பெயினுக்குப் போகும் பாக்கெட்டில் அந்தச் சிறிய சொல்லையும் எடுத்துவிட்டு, தேங்காய் சேர்த்து ஆவியில் வேகவைக்கும் அரிசி மாவு என்று அவர்கள் மொழியில் எழுதிவிடலாம்.

இந்த வேலையை எப்போது செய்வது என்பதில்தான் பணம் இருக்கிறது. பிளாஸ்டிக் பாக்கெட் அச்சடிக்க நிறத்துக்கு ஒரு சிலிண்டர் வெட்ட வேண்டும். பல நிறத்தில் பெயரை வடிவமைத்த பிறகு ஓர் எழுத்தை மாற்ற நினைத்தால் பல சிலிண்டர்கள் வீண். நாட்டுக்கு நாடு மாறக்கூடிய சொற்களை எல்லாம் ஒரே நிறத்தில், பெரும்பாலும் கறுப்பில், வைத்துவிட்டால் அந்த ஒரு சிலிண்டரை மட்டும் மாற்றி மற்றவற்றை அப்படியே ஓட்டலாம்.

முத்திரைப் பதிவுக்கு முன்னால் சோதனை முடிந்திருக்க வேண்டும் என்பதற்கு இன்னும் வலுவான காரணம் உண்டு. 2013 முதல் இந்தியா மாட்ரிட் ஒப்பந்தத்தில் இருக்கிறது. இங்கே பதிவு கேட்ட பெயரை அடிப்படையாக வைத்து, ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளில் பாதுகாப்புக் கேட்கலாம். ஆனால் எல்லா நாட்டிலும் பெயர் இங்கே கொடுத்தது போலவே இருக்க வேண்டும். ஸ்பெயினுக்கு மட்டும் ஓர் எழுத்தை மாற்ற நினைத்தால் அதற்குத் தனி விண்ணப்பம், தனிச் செலவு.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு மொத்தமாக ஒரே பதிவு வாங்கும் வசதியில் ஒரு பொறியும் இருக்கிறது. அங்கே அதிகாரபூர்வ மொழிகள் 24. ஒன்றியத்தின் ஒரு பகுதியில் பெயர் ஒழுக்கக் கேடாகப் பட்டாலே முழுப் பதிவும் மறுக்கப்படலாம். ஜெர்மனியின் பிரெயின்லேப் நிறுவனம் மருத்துவக் கருவிகளுக்குக் 'கர்வ்' என்ற பெயரைப் பதிவு செய்யக் கேட்டது. வளைவு என்ற சாதாரண ஆங்கிலச் சொல்தான். ருமேனிய மொழியில் அதே எழுத்துகளை அப்படியே படித்தால் விபசாரிகள் என்ற பொருள் வருகிறது. அதிகாரிகள் மறுத்தார்கள், 2014இல் ஒன்றியத்தின் நீதிமன்றமும் மறுப்பைச் சரி என்றது. ஆங்கிலம் தெரிந்த எவருக்கும் அந்தப் பெயரில் தவறு தெரியாது. ருமேனியாவில் ஒருவரிடம் காட்டியிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். மருத்துவமனைகளுக்கு விற்கும் கருவி, அதை வாங்குகிற டாக்டர்களுக்கு ஆங்கிலம் தெரியும் என்ற நியாயமெல்லாம் அங்கே எடுபடவில்லை.

பெயர் ஒரு நாட்டில் மட்டும் இடித்தால் அந்த நாட்டில் மட்டும் மாற்றுவதே பெரிய நிறுவனங்களின் வழக்கம். அதிலும் ஹூண்டாய் செய்தது நேர்த்தியானது. ஹவாய்த் தீவுகளில் உள்ள கோனா என்ற இடத்தின் பெயரை அவர்கள் 2017இல் ஒரு காருக்கு வைத்தார்கள். அதன் மின்சார வடிவம் பிறகு நம் ஸ்ரீபெரும்புதூர் ஆலையிலும் பூட்டப்பட்டது. போர்ச்சுகலில் அந்த ஒலி பெண்குறியைக் குறிக்கும் கொச்சைச் சொல். அங்கே மட்டும் காருக்குக் கவாய் என்று பெயர் வைத்தார்கள். கவாயும் ஹவாய்த் தீவுதான். பெயரின் குடும்பம் கெடவில்லை, விளம்பரத்தில் கடலும் எரிமலையும் அப்படியே பொருந்தின.

ஜப்பானின் கல்பிஸ் பானம் இன்னும் சிக்கனமாகத் தப்பித்தது. 1919இல் வந்த பால் பானம் அது. கால்சியத்தின் முதல் பாதியையும், நெய்யைக் குறிக்கும் 'சர்பிஸ்' என்ற சமஸ்கிருதச் சொல்லின் கடைசிப் பாதியையும் சேர்த்து வைத்த பெயர். பௌத்த நூல்களில் பாலின் உயர்ந்த சுவைகளைச் சொல்லும் சொல் அந்த சர்பிஸ். இவ்வளவு யோசித்து வைத்த பெயர் ஆங்கிலக் காதில் பசுவின் மூத்திரம் என்பதற்குச் சமமாக விழுந்தது. வேறு பொருளாக இருந்திருந்தால் ஒருவேளை சகித்திருப்பார்கள். பாலில் செய்த பானம் என்பதால் விஷயம் மோசமானது. பொருளும் பெயரும் சேரும்போதுதான் கெட்ட அர்த்தம் முழு வலு பெறுகிறது. அமெரிக்காவில் கடைசி எழுத்தை மட்டும் மாற்றிக் கல்பிகோ என்று விற்கிறார்கள்.

எவ்வளவு சோதித்தாலும் நாளைய செய்தியைச் சோதிக்க முடியாது. டாடா நிறுவனம் ஜிப்பி கார் என்பதைச் சுருக்கி ஜிகா என்று ஒரு சிறிய காருக்குப் பெயர் வைத்து, கால்பந்து வீரர் மெஸ்ஸியை வைத்து விளம்பரமும் செய்துவிட்டது. கார் கடைக்கு வருவதற்குள் பிரேசிலில் ஜிகா வைரஸ் பரவியது. தலை சிறுத்துப் பிறந்த குழந்தைகளின் படங்கள் உலகத்தின் செய்தித்தாள்களை நிறைத்தன. 2016 பிப்ரவரியில் உலக சுகாதார அமைப்பு நெருக்கடியை அறிவித்த கையோடு டாடா பெயரை மாற்றப்போவதாகச் சொன்னது. டெல்லி வாகனக் கண்காட்சியில் பழைய பெயரிலேயே வண்டியை நிறுத்த வேண்டியிருந்தது, அச்சடித்த பலகைகளை மாற்ற நேரமில்லை. குழந்தைகளின் துயரத்தோடு ஒட்டிக்கொண்ட பெயரை வைத்து வியாபாரம் செய்யாமல் உடனே கைவிட்டது சரியான முடிவு என்பேன். சிவெட், அடோர், டியாகோ என்ற மூன்று பெயர்களைக் கொடுத்து மக்களிடம் வாக்கு கேட்டார்கள். ஏப்ரலில் டியாகோ என்ற பெயரில் கார் விற்பனைக்கு வந்தது. அதே பிரேசிலிலும் போர்ச்சுகலிலும் அது ஆண்பிள்ளைகளுக்கு வைக்கும் சாதாரணப் பெயர்.